பழைய பொரித்த எண்ணெய்: வாணலியில் எப்போது நிறுத்துவது, பயோடீசலுக்கு எப்படிச் சேகரிப்பது

ஓர் உணவகத்தின் பழைய எண்ணெயை இரண்டு பேர் இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். அடுப்பருகே நிற்பவருக்கு, இதில் இன்னொரு முறை பொரிக்கலாமா என்று தெரிய வேண்டும். கேனோடு பின்வாசலில் வந்து நிற்பவருக்கு, இது பயோடீசலாக மாறுமா, மாறினால் எவ்வளவு தேறும் என்று தெரிய வேண்டும். இரண்டுக்கும் ஒரே பதில்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சாப்பிடத் தகாத எண்ணெய் நல்ல பயோடீசலாகலாம். பொரிப்பதற்கு இன்னும் தகுதியாக இருந்த எண்ணெய், கேனில் ஒரு மாதம் கிடந்து பயோடீசலுக்கு உதவாமல் போகலாம்.

இந்த வித்தியாசம் பிடிபட்டால் சேகரிப்பு வேலையில் பாதி முடிந்த மாதிரி. அதனால் முதலில் வாணலிக்குள் நடப்பதைப் பார்த்துவிட்டு, அப்புறம் கேனுக்கு வருவோம்.

## பொரிக்கும்போது எண்ணெய்க்கு என்ன ஆகிறது

சமையல் எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு கிளிசரின் பகுதியும், அதோடு ஒட்டிய மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகளும் இருக்கின்றன. இதற்கு டிரைகிளிசரைடு என்று பெயர். பொரிப்பது வழக்கமாக 160 முதல் 180 டிகிரி செல்சியஸில். அந்தச் சூட்டில் இந்த மூலக்கூறை மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் தாக்குகின்றன: உணவிலிருந்து வரும் நீர், மேற்பரப்பில் படும் காற்று, சூடு.

நீர் செய்யும் வேலை எளிது. உணவைப் போட்டதும் குமிழ்கள் எழுகின்றனவே, அவை உணவிலிருந்து கிளம்பும் நீராவி. அந்த நீர் கொழுப்பு அமிலங்களைக் கிளிசரினிலிருந்து பிய்த்துவிடுகிறது. இப்படித் தனியாகக் கழன்றவற்றைத் தனி கொழுப்பு அமிலங்கள் என்கிறோம். எண்ணெயில் இவை கூடக்கூட, அது புகைய ஆரம்பிக்கும் வெப்பநிலை இறங்குகிறது. சுத்திகரித்த புது எண்ணெய் பொதுவாக 200 டிகிரிக்கு மேல்தான் புகையும். வழக்கமான பொரிக்கும் சூட்டிலேயே புகை வந்தால் அந்த எண்ணெயின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். கண்ணையும் மூக்கையும் எரிக்கும் அந்தப் புகையில் அக்ரோலின் என்ற பொருள் இருக்கிறது. பிரிந்த கிளிசரின் கடும் சூட்டில் சிதைவதும் அது உண்டாகும் வழிகளில் ஒன்று.

காற்று செய்யும் வேலைதான் உடலுக்கு அதிகக் கவலை தருவது. ஆக்சிஜன் கொழுப்பு அமிலச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்பைத் தேடிப் போய்ச் சேர்ந்து, முதலில் ஹைட்ரோபெராக்சைடுகளை உண்டாக்குகிறது. பொரிக்கும் சூட்டில் அவை நிலைப்பதில்லை. உடனே உடைந்து ஆல்டிஹைடுகளாகின்றன. லினோலிக் அமிலம் உடையும்போது வரும் 4-ஹைட்ராக்ஸிநோனினால் இவற்றில் ஒன்று. இது உடலில் புரதங்களோடும் மரபுப் பொருளோடும் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. சில ஆல்டிஹைடுகள் ஆவியோடு போய்விடும். மற்றவை எண்ணெயில் தங்கி, உணவு உறிஞ்சும் எண்ணெயோடு தட்டுக்கு வரும். லினோலிக் அமிலம் அதிகமுள்ள சூரியகாந்தி, சோயா, மக்காச்சோள எண்ணெய்களில் இவை கூடுதலாக உண்டாகும். பாமாயில் போன்றவற்றில் குறைவு. அதற்காக அது எத்தனை நாளும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மெதுவாகக் கெடும், அவ்வளவுதான்.

மூன்றாவதாக, சூட்டில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து பெரிதாகின்றன. பிரையரின் ஓரத்தில், எண்ணெய் மட்டத்துக்குச் சற்று மேலே, விரலில் ஒட்டும் பழுப்புப் படலம் படிந்திருக்குமே, சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாதே, அது இந்த இணைப்பால் வந்தது. அதே பொருள் எண்ணெய்க்குள்ளும் கரைந்திருக்கிறது. அதனால் எண்ணெய் கெட்டியாகிறது, நுரை அடங்க நேரமாகிறது, பொரித்ததை எடுத்தால் எண்ணெய் சரியாக வடியாமல் உணவிலேயே தங்குகிறது. ஆக, எண்ணெய் கெடக்கெட, சாப்பிடுபவருக்கு அதே கெட்ட எண்ணெய் கூடுதலாகப் போகிறது.

## எப்போது நிறுத்த வேண்டும்

இப்படி உருமாறிய பொருள்களில் பெரும்பாலானவை மூல எண்ணெயைவிட மின் துருவத்தன்மை அதிகமுள்ளவை. ஆகவே அவற்றை மொத்தமாகச் சேர்த்து அளக்க முடிகிறது. அந்த அளவுதான் மொத்தத் துருவச் சேர்மங்கள், சுருக்கமாக டிபிசி. புது எண்ணெயில் இது சில சதவீதம்தான் இருக்கும். இதற்குச் சட்ட வரம்பு வைத்த நாடுகள் பெரும்பாலும் 24 முதல் 27 சதவீதத்துக்குள் கோடு போட்டிருக்கின்றன. இந்தியாவில் 25 சதவீதம்.

"மூன்று தடவைக்கு மேல் பயன்படுத்தாதே" என்பது போன்ற எண்ணிக்கை விதிகளை நான் நம்புவதில்லை. ஈரமான உணவை, அகலமான வாணலியில், 200 டிகிரியில் ஒரே நாள் பொரித்தாலும் எண்ணெய் கெட்டுவிடும். உலர்ந்த உணவை, ஆழமான குறுகிய பிரையரில், 170 டிகிரியில் பொரித்தால் பல நாள் தாங்கும். எத்தனை முறை என்பதைவிட எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எவ்வளவு ஈரம், எவ்வளவு மேற்பரப்பு என்பதுதான் கணக்கு. உணவே இல்லாமல் சும்மா கொதித்துக்கொண்டிருக்கும் நேரமும் இதில் சேரும்.

டிபிசி அளக்கும் கையடக்கக் கருவி இருக்கிறது. உணவை எடுத்தபின் நுரையும் குமிழும் அடங்க ஐந்து நிமிடம் விட்டு, சூடான எண்ணெயில் அதன் முனையை அமிழ்த்த வேண்டும். நீர்க்குமிழ் இருக்கும்போதே அமிழ்த்தினால் எண் தவறாக ஏறிக் காட்டும். முனை பாத்திரத்தின் உலோகத்தில் படக் கூடாது. கருவி வாங்க முடியாத இடத்தில், தனி கொழுப்பு அமில அளவைக் காட்டும் காகிதப் பட்டைகள் உண்டு. அதில் உள்ள நிறக்கோடுகள் எண்ணெயில் நனைந்ததும் மாறும். இவை டிபிசியை நேரடியாகச் சொல்லாது, ஆனால் கண்ணால் பார்த்துச் சொல்வதைவிட மேல்.

கண் ஏன் ஏமாறுகிறது என்றால், நிறம் பெரும்பாலும் உணவிலிருந்து வருகிறது. மாவும் சர்க்கரையும் புரதமும் கருகி எண்ணெயைக் கறுப்பாக்கும், எண்ணெய் அவ்வளவு கெட்டிருக்காது. மாறாக, வெறும் உருளைக்கிழங்கு மட்டும் பொரித்த எண்ணெய் வெளிர் நிறத்திலேயே வரம்பைத் தாண்டியிருக்கலாம். வடிகட்டும்போது போடும் உறிஞ்சு பொடிகள் நிறத்தையும் அமிலத்தையும் ஓரளவு இழுத்துவிடும். எண்ணெய் தெளிந்து தெரியும், ஆனால் இணைந்து பெரிதான மூலக்கூறுகள் உள்ளேயே இருக்கும். பழையதோடு புது எண்ணெயைச் சேர்த்து மட்டத்தை ஏற்றுவதும் இப்படித்தான். சதவீதம் சில மணி நேரத்துக்கு இறங்கும். பழையதில் இருக்கும் சிதைவுப் பொருள்கள் புதியதையும் வேகமாகக் கெடுக்கும்.

ஆய்வகத்தில் பெராக்சைடு அளவு பார்த்துவிட்டு "நல்ல எண்ணெய்" என்று சான்று தருபவர்களும் இருக்கிறார்கள். புட்டியில் இருக்கும் புது எண்ணெய்க்கு அந்தச் சோதனை சரி. பொரித்த எண்ணெயில் பெராக்சைடுகள் ஆல்டிஹைடாக உடைந்துபோவதால், எண்ணெய் மோசமாகும்போதே இந்த எண் இறங்கக்கூடும்.

தீங்கு எவ்வளவு உறுதியானது? மிகுந்த சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. அந்த அறிக்கை 2010-இல் வெளியானது. இது முதலில் அடுப்பருகே நின்று புகையைச் சுவாசிப்பவர்களுக்கான எச்சரிக்கை. திரும்பத் திரும்பச் சூடாக்கிய எண்ணெயை விலங்குகளுக்குக் கொடுத்த ஆய்வுகளில் ரத்த அழுத்த உயர்வு, ரத்தக்குழாய் பாதிப்பு, கல்லீரல் பாதிப்பு ஆகியவை காணப்பட்டிருக்கின்றன. டிரான்ஸ் கொழுப்பைக் காரணமாகச் சொல்வது பரவலான பேச்சு. ஆனால் பொரிப்பதால் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு கொஞ்சம்தான், அதன் பெரிய மூலம் பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த கொழுப்பு. பழைய எண்ணெயில் பயப்பட வேண்டியவை ஆல்டிஹைடுகளும் சிதைந்து இணைந்த கொழுப்புகளும்தான்.

## பயோடீசலுக்கு வேறு கணக்கு

டிரைகிளிசரைடோடு மெத்தனாலைச் சேர்த்து, காஸ்டிக் சோடா போன்ற ஒரு காரத்தை ஊக்கியாகப் போட்டால், மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகளும் கிளிசரினை விட்டு மெத்தனாலோடு சேரும். அப்படிச் சேர்ந்ததுதான் பயோடீசல். கிளிசரின் அடியில் பிரிந்து நிற்கும். நல்ல எண்ணெய் 100 கிலோ போட்டால் பயோடீசலும் ஏறக்குறைய 100 கிலோ, கிளிசரின் சுமார் 10 கிலோ.

இந்த வேலையைக் கெடுப்பவை இரண்டு: நீரும் தனி கொழுப்பு அமிலமும். தனி கொழுப்பு அமிலம் காரத்தைக் கண்டதும் சோப்பாகிவிடும். ஊக்கியும் வீண், எண்ணெயும் வீண். நீர் இருந்தால் நல்ல எண்ணெயும் உடைந்து மேலும் சோப்பாகும். சோப்பு கூடினால் பயோடீசலும் கிளிசரினும் பிரியாமல் கொழகொழவென்று நிற்கும்.

இங்கே கவனியுங்கள்: நிறமும் ஆல்டிஹைடும் இந்தப் பட்டியலிலேயே இல்லை. டிபிசி 27 சதவீதத்தில் கழித்த எண்ணெயில் தனி அமிலம் 2 சதவீதம்தான் இருக்கலாம், அது பயோடீசல் ஆக்கும் உலைக்கு நல்ல சரக்கு. அதனால் சமையலறை டிபிசி பார்த்துக் கழிக்கட்டும், நீங்கள் நீரும் அமிலமும் பார்த்து எடுங்கள். காலத்தில் கழிக்கும் உணவகத்தின் எண்ணெய் சாப்பிடுபவருக்கும் நல்லது, உலைக்கும் எளிது. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு தரப்பின் நலனும் ஒத்துப்போகிறது.

## படி 1: உணவகத்தோடு பேசி வைப்பது

கேனைக் கொடுத்துவிட்டு வருவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பேசிவிட வேண்டும்.

ஒன்று, எது கேனுக்குள் போகலாம், எது கூடாது. பிரையரிலிருந்து இறக்கிய எண்ணெய் மட்டும்தான். பாத்திரம் கழுவும் இடத்துக் குழாயில் இருக்கும் கொழுப்புப் பொறியில் திரளும் கசடு வேறு ரகம். அதில் அமிலம் 15 சதவீதத்தையும் தாண்டும், நீரும் சோப்பும் கலந்திருக்கும். ஒரே ஒரு வாளி அதைக் கொட்டினால் முழு டிரம்மும் தரம் இறங்கிவிடும். வண்டி ஆயிலோ துப்புரவு திரவமோ கலந்தால் அந்தக் கேனை ஏற்கவே கூடாது.

இரண்டு, எவ்வளவு ஆறிய பின் ஊற்றுவது. 40 டிகிரிக்குக் கீழே வந்தபின்தான். சூடான எண்ணெய் பிளாஸ்டிக்கை இளக்கும், தூக்குபவரின் கையைச் சுடும். அடியில் நீர் கிடக்கும் கேனில் 120 டிகிரி எண்ணெயை ஊற்றினால் நீர் சட்டென்று ஆவியாகி எண்ணெயை வெளியே வீசும். இந்த வேலையில் மோசமான தீக்காயம் பட இதுவே போதும்.

மூன்று, எடைக்குக் காசா, எண்ணெய்க்குக் காசா. மொத்த எடைக்குக் கொடுத்தால், யாரும் வேண்டுமென்றே செய்யாவிட்டாலும், கேனில் நீர் சேரும். மூடி திறந்தே கிடக்கும், மழை பெய்யும், அடி வண்டலும் வழித்து ஊற்றப்படும். தெளியவைத்த பிறகு நிற்கும் எண்ணெய்க்குத்தான் கணக்கு என்று முதலிலேயே எழுதிக்கொண்டால் மூடி தானாக மூடப்படும்.

கேன் வெளிர் நிற கெட்டிப் பிளாஸ்டிக்காக, 20 லிட்டர் அளவில் இருப்பது நல்லது. அடி வண்டல் வெளியிலிருந்தே தெரியும், ஒருவரே தூக்கலாம். செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் வைக்க வேண்டாம், அந்த உலோகங்கள் எண்ணெய் காற்றோடு வினைபுரிவதை வேகப்படுத்தும். வாயில் ஒரு சல்லடைப் புனல் இருந்தால் பொரித்த துணுக்குகள் உள்ளே போகாது. துணுக்குகள் நீரைத் தாங்கிக்கொண்டு அடியில் கிடக்கும். அங்கேதான் கேனுக்குள் அமிலம் ஏறுகிறது. அதனால்தான் மாதம் ஒருமுறை நிறைய எடுப்பதைவிட வாரம் ஒருமுறை கொஞ்சம் எடுப்பது மேல்.

சட்ட விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: பல நாடுகளில் பழைய எண்ணெயைச் சேகரிக்கப் பதிவோ அனுமதியோ வேண்டும், உள்ளூர் விதியை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

## படி 2: வாசலிலேயே பார்ப்பது

கேனின் மேலே இருக்கும் எண்ணெயைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் நீர் அடியில் கிடக்கிறது. இதற்கு ஒரு மீட்டர் நீளமுள்ள, ஊடே பார்க்கக்கூடிய குழாய் ஒன்று போதும். இரு முனையும் திறந்தபடி, அதைக் கேனின் அடிவரை மெதுவாக இறக்குங்கள். வேகமாக இறக்கினால் அடுக்குகள் கலந்துவிடும். அடியைத் தொட்டதும் மேல் முனையைக் கட்டைவிரலால் இறுக்க மூடி, தூக்கி, வெளிச்சத்தில் பிடியுங்கள். கேனுக்குள் இருக்கும் அடுக்குகள் குழாயில் அப்படியே நிற்கும்: மேலே தெளிந்த எண்ணெய், நடுவே மங்கல், கீழே பழுப்பு வண்டல், அதற்கும் கீழே சில விரற்கடை நீர். அந்த நீரைக் கடைக்காரருக்கே காட்டிவிட்டால் அப்புறம் வாக்குவாதமே வராது.

மங்கல் தெரிந்தால் அது நீரா, உறைந்த கொழுப்பா என்று பிரிக்க வேண்டும். கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, வெந்நீரில் வைத்துச் சூடேற்றுங்கள். தெளிந்துவிட்டால் அது பாமாயிலின் அல்லது விலங்குக் கொழுப்பின் உறைந்த பகுதி. கெடுதல் இல்லை, ஆனால் அதிலிருந்து வரும் பயோடீசல் குளிரில் சீக்கிரம் உறையும் என்று குறித்துக்கொள்ளுங்கள். சூடேறியும் மங்கலாகவே நின்றால் நீர்.

## படி 3: தெளியவைத்து வடிகட்டுவது

கொண்டுவந்த எண்ணெயை முதலில் 1 முதல் 2 மில்லிமீட்டர் கண் உள்ள உலோகச் சல்லடையில் ஊற்றுங்கள், பிறகு சுமார் 400 மைக்ரான், கடைசியில் 100 மைக்ரான் துணி. நேரே நெய்த்துணியில் ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். பிறகு 50 முதல் 60 டிகிரிக்குச் சூடேற்றி, அசைக்காமல் ஒரு நாள் விட வேண்டும். இளஞ்சூட்டில் எண்ணெய் இளகுவதால் நீரும் நுண்துகளும் எளிதாக இறங்கும். அடியில் திருகு குழாய் உள்ள டிரம் இருந்தால், முதலில் நீரையும் வண்டலையும் இறக்கிவிட்டு, தெளிந்ததை எடுக்கலாம்.

மிச்ச நீரை அறிய, 100 கிராம் எண்ணெயை எஃகுக் குவளையில் எடுத்து, மின் தட்டில் மெதுவாகக் கிளறியபடி 110 முதல் 120 டிகிரி வரை கொண்டுபோங்கள். சடசடவென்று வெடித்தால் நீர் இருக்கிறது. சத்தமும் குமிழும் நின்றபின் ஆறவைத்து எடை போட்டால், குறைந்த எடைதான் நீர். 0.8 கிராம் குறைந்தால் 0.8 சதவீதம். அரை சதவீதத்துக்கு மேல் இருந்தால் மறுபடி தெளியவைப்பதே நல்லது, உலைக்குப் போகும் முன் இன்னும் கீழே இறக்க வேண்டும். இந்தச் சோதனையில் எண்ணெய் தெறிக்கும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் செய்யாதீர்கள்.

## படி 4: அமிலத்தை அளப்பது

இதுதான் சேகரிப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே வேதியியல் சோதனை. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 1 கிராம் காஸ்டிக் சோடாவைக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுக்கும், எனவே சட்டென்று எடைபோட்டு, கரைசலை இறுக்க மூடி, அடிக்கடி புதிதாகச் செய்ய வேண்டும். கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும் பொருள் அது.

ஒரு பீக்கரில் 10 மில்லி ஐசோபுரொபைல் ஆல்கஹால் எடுத்து, ஃபீனால்ப்தலீன் என்ற நிறங்காட்டியைச் சில சொட்டு விடுங்கள். ஆல்கஹாலிலேயே கொஞ்சம் அமிலம் இருக்கும், ஆகவே எண்ணெய் சேர்க்கும் முன் காஸ்டிக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்துங்கள். இந்தச் சொட்டுகள் கணக்கில் சேராது. இப்போது தெளிந்த எண்ணெய் சரியாக 1 மில்லி சேர்த்து, வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கிக் கலக்குங்கள். ஆல்கஹால் தீப்பிடிக்கும், நெருப்பில் நேரே வைக்காதீர்கள். பிறகு அளவு போட்ட சிரிஞ்சால் காஸ்டிக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சுழற்றிக்கொண்டே இருங்கள். இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும், மறையும். அரை நிமிடம் மறையாமல் நிற்கும்போது எத்தனை மில்லி செலவானது என்று பாருங்கள்.

ஒவ்வொரு மில்லிக்கும் தனி கொழுப்பு அமிலம் சுமார் 0.77 சதவீதம். 3 மில்லி செலவானால் 2.3 சதவீதம். அதே எண் இன்னொன்றையும் சொல்கிறது: அமிலத்தை அடக்க மட்டும் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு 3 கிராம் காஸ்டிக் சோடா கூடுதலாகப் போகும். கறுத்த எண்ணெயில் சிவப்பு தெரியாவிட்டால் எண்ணெயை அரை மில்லியாக்கி, விடையை இரட்டிப்பாக்குங்கள்.

தனி அமிலம் 2 சதவீதத்துக்குள் இருந்தால் கார முறையில் நேராகப் போகலாம். 2 முதல் 4 வரை போகலாம், சோப்பு இழப்போடு. அதற்கு மேல் என்றால் முதலில் கந்தக அமிலமும் மெத்தனாலும் கொண்டு அமிலங்களை எஸ்டராக்கும் ஒரு கட்டம் வேண்டும். அதற்கு வசதியுள்ள ஆலைக்குத்தான் அனுப்ப வேண்டும். இந்த எல்லைகள் ஆலைக்கு ஆலை கொஞ்சம் மாறும்.

## மூன்று கேன்களின் கணக்கு

ஓர் உணவகத்திலிருந்து மூன்று 20 லிட்டர் கேன்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் கேன் போன வாரம் கழித்தது, சோதனையில் 2.1 மில்லி. இரண்டாவது அதற்கு முந்தைய வாரத்தது, 3.4 மில்லி. மூன்றாவது மூடி உடைந்து வெளியே இரண்டு மாதம் நின்றது, 11 மில்லி. அதாவது தனி அமிலம் முறையே 1.6, 2.6, 8.5 சதவீதம்.

அவசரத்தில் மூன்றையும் ஒரே டிரம்மில் ஊற்றினால் சராசரி 5.5 மில்லி, அதாவது 4.2 சதவீதம். 60 லிட்டர் எண்ணெய் எடையில் சுமார் 55 கிலோ. அதில் 2.3 கிலோ தனி அமிலம். கார முறையில் போட்டால் அத்தனையும் சோப்பாகி 2.5 கிலோ வரும், அந்தச் சோப்பு கழுவும்போது நல்ல பயோடீசலையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். பிரிப்பதற்கே நாள் போய்விடும்.

மூன்றாவதைத் தனியாக வைத்தால்? முதல் இரண்டின் சராசரி 2.75 மில்லி, அதாவது 2.1 சதவீதம். 40 லிட்டருக்குச் சோப்பு சுமார் 0.85 கிலோதான், சமாளிக்கக்கூடிய அளவு. மூன்றாவது கேன் அமிலக் கட்டம் உள்ள ஆலைக்குப் போகட்டும். ஒரு கெட்ட கேனை நல்லதில் கலந்து "சராசரியாக்கிவிடலாம்" என்ற ஆசைதான் இந்தத் தொழிலில் அதிகச் சரக்கைக் கெடுப்பது.

இன்னொன்றும் இதில் தெரிகிறது. மூன்று கேன்களும் பிரையரிலிருந்து இறங்கியபோது ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். மூன்றாவதைக் கெடுத்தவை மழை நீரும் துணுக்குகளும் இரண்டு மாதக் காத்திருப்பும்.

## வைப்பு, தீ, பதிவேடு

எண்ணெய் நனைந்த துணிகளைக் குவித்து மூலையில் போடாதீர்கள். சோயா, சூரியகாந்தி போன்ற எண்ணெய்கள் துணியில் மெல்லிய படலமாகப் பரவி நிற்கும்போது காற்றோடு வினைபுரிந்து தானே சூடேறும். குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. வடிகட்டிய துணிகளை விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீர் ஊற்றி மூடியுள்ள உலோக வாளியில் போடுங்கள். எண்ணெயே தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து, மூடி போட்டு மூட வேண்டும்.

பயோடீசல் ஆக்கும் வேலையை வீட்டிலோ சமையலறையிலோ செய்து பார்க்க வேண்டாம். மெத்தனால் நச்சு, தோல் வழியாகவும் உள்ளே போகும். அது எரியும் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

கடைசியாகப் பதிவேடு. பழைய எண்ணெய்க்கு மதிப்பு வந்ததும் இரண்டு வித மோசடிகள் வருகின்றன. கழித்த எண்ணெயைத் தெளியவைத்து மறுபடி உணவுக்கு விற்பது ஒன்று. 2014-இல் தைவானில் மறுசுழற்சி செய்த எண்ணெய் சமையல் எண்ணெயில் கலந்தது வெளிவந்து, நூற்றுக்கணக்கான கடைகளிலிருந்து பொருள்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பழைய எண்ணெய்க்குக் கிடைக்கும் சலுகைக்காகப் புது எண்ணெயையே பழையதென்று காட்டுவது இன்னொன்று. இரண்டையும் தடுப்பது ஒரே தாள்தான்: தேதி, உணவகம், கேன் எண், எடை, குழாயில் தெரிந்த நீரின் உயரம், இரு தரப்புக் கையெழுத்து. ஆலையில் இறக்கும்போது அதே கேன் எண்ணுக்கு எதிரே அமில அளவும் தெளிந்த எடையும் ஏற வேண்டும். ஓர் உணவகம் வாங்கும் புது எண்ணெயில் ஒரு பகுதி உணவோடு போய்விடும், ஆகவே திரும்பி வருவது வாங்கியதைவிட எப்போதும் கணிசமாகக் குறைவாகத்தான் இருக்கும். வாங்கிய அளவுக்கு நெருக்கமாகத் திரும்பி வந்தால் அங்கே கலப்பு இருக்கிறது. வழக்கமாக வருவதில் பாதிகூட வரவில்லை, சமையலும் குறையவில்லை என்றால், மிச்சம் வேறு யாருக்கோ போகிறது, அல்லது இன்னும் வாணலியிலேயே கொதித்துக்கொண்டிருக்கிறது.